ஷார்ட் ஸ்க்வீஸை சார்ட்டில் அடையாளம் காண்பது எப்படி? உச்சியில் பாய்ந்து வாங்குவது ஏன் ஆபத்து? (கேம்ஸ்டாப், ஜனவரி 2021)

2021 ஜனவரி 28 அன்று நியூயார்க்கில் காலை பத்து மணி வாக்கில், வீடியோ கேம் விற்கும் கடைகளை நடத்தும் அமெரிக்க நிறுவனமான கேம்ஸ்டாப்பின் பங்கு 483 டாலரைத் தொட்டது. ஒன்றரை மணி நேரத்துக்குள் அதே பங்கு 112 டாலருக்குக் கைமாறியது. அந்த மாதத் தொடக்கத்தில் அதன் விலை 20 டாலருக்கும் கீழே. இந்த ஏற்றத்தை எல்லோரும் ஷார்ட் ஸ்க்வீஸ் என்றார்கள். பாதி வரைக்கும் அது சரிதான். ஆனால் உச்சிக்குப் பக்கத்தில் வாங்கியவர்கள் "ஷார்ட் அடித்தவர்கள் இன்னும் வாங்கியே ஆக வேண்டும், அதனால் விலை ஏறத்தான் செய்யும்" என்று நம்பித்தான் வாங்கினார்கள். அந்தக் கணக்கு அப்போதே பழையதாகியிருந்தது. அது ஏன் என்பதைப் புதிதாகச் சந்தைக்கு வருபவர்கள் படிப்படியாகப் புரிந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

சார்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பது நல்லது. ஒரு எச்சரிக்கை: 2022 ஜூலையில் இந்தப் பங்கு நான்காகப் பிரிக்கப்பட்டது. அதனால் இன்றைய சார்ட்டில் GME என்று போட்டுப் பார்த்தால் பழைய விலைகள் எல்லாம் நான்கால் வகுக்கப்பட்டிருக்கும். 483 இருக்கும் இடத்தில் 120.75 தெரியும். கீழே நான் சொல்வது எல்லாம் அந்த நாளில் திரையில் ஓடிய விலைகள்.

முதல் படி: கட்டாயமாக வாங்க வேண்டியவர் யார் என்று பாருங்கள்

ஷார்ட் அடிப்பவர் தன்னிடம் இல்லாத பங்கைக் கடன் வாங்கி விற்கிறார். 20 டாலருக்கு விற்று, விலை 10 டாலருக்கு இறங்கியதும் வாங்கித் திருப்பிக் கொடுத்தால் 10 டாலர் லாபம். விலை இறங்காமல் 40 ஆனால் 20 டாலர் நஷ்டம், 80 ஆனால் 60 டாலர் நஷ்டம். வாங்கி வைத்திருப்பவருக்குப் போட்ட பணம் முழுவதும் போவதுதான் அதிகபட்ச நஷ்டம். ஷார்ட் அடித்தவருக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது. நஷ்டம் கூடக்கூட புரோக்கர் கூடுதல் மார்ஜின், அதாவது பிணைத்தொகை, கேட்பார். கட்ட முடியாவிட்டால் பங்கை வாங்கிக் கணக்கை முடித்தாக வேண்டும். விற்றவரே வாங்குபவராக மாறும் இந்த இடத்தில்தான் ஸ்க்வீஸ் பிறக்கிறது. ஒருவர் வாங்குவதால் விலை ஏறுகிறது, அந்த ஏற்றம் அடுத்தவரையும் வாங்க வைக்கிறது.

ஆக, நாம் தேட வேண்டியது இப்படி மாட்டிக்கொள்ளக்கூடியவர்கள் எவ்வளவு பேர், அவர்கள் வாங்கி வெளியேறச் சந்தையில் எவ்வளவு பங்கு கிடைக்கும் என்பதைத்தான். அமெரிக்கப் பங்குகளுக்கு இதைச் சொல்லும் இரண்டு எண்கள் எந்த நிதித் தளத்திலும் கிடைக்கும்.

ஒன்று ஷார்ட் இன்ட்ரஸ்ட். பொதுமக்கள் கையில் புழங்கும் பங்குகளில், அதாவது ஃபுளோட்டில், எத்தனை சதவீதம் ஷார்ட் அடிக்கப்பட்டிருக்கிறது என்பது அது. பொதுவாக 20 சதவீதத்தைத் தாண்டினாலே அதிகம் என்பார்கள். கேம்ஸ்டாப்பில் அது 2021 ஜனவரியில் சுமார் 123 சதவீதம் வரை போனதாக அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையமான எஸ்.இ.சி.யின் அலுவலர்கள் தங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். இருப்பதைவிட அதிகமாக எப்படி ஷார்ட் அடிக்க முடியும் என்று கேட்பீர்கள். முதலாமவரின் பங்கை இரண்டாமவர் கடன் வாங்கி மூன்றாமவருக்கு விற்கிறார். மூன்றாமவருக்கு அது சாதாரணப் பங்குதான், அதனால் அவருடைய புரோக்கர் அதே பங்கை நான்காமவருக்குக் கடன் கொடுக்கலாம். அவரும் விற்றால், ஒரே பங்கு ஷார்ட் கணக்கில் இரண்டு முறை ஏறிவிடும். இதில் மோசடி எதுவும் இருந்தாக வேண்டியதில்லை.

இன்னொன்று டேஸ் டு கவர். ஷார்ட் அடிக்கப்பட்ட மொத்தப் பங்குகளைச் சராசரி தினசரி வால்யூமால் வகுத்தால் கிடைப்பது. ஆறு கோடிப் பங்குகள் ஷார்ட்டில் இருந்து, ஒரு நாளைக்குச் சராசரியாக ஒரு கோடி கைமாறுகிறது என்றால், எல்லோரும் வெளியேற ஆறு நாள் வேண்டும். அதுவும் வேறு யாரும் வாங்காமல் இருந்தால்தான்.

சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடக் கூடாது. 2008 அக்டோபரில் ஃபோக்ஸ்வாகனில் மொத்தப் பங்குகளில் சுமார் 13 சதவீதம்தான் ஷார்ட்டில் இருந்தது. ஆனால் பங்குகளும் ஆப்ஷன்களுமாகச் சேர்த்து 74 சதவீதம் தன் பிடியில் இருப்பதாக போர்ஷே ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவித்தது. ஜெர்மனியின் கீழ் சாக்சனி மாநில அரசிடம் 20 சதவீதம் இருந்தது. மிச்சம் ஆறு சதவீதம்கூட இல்லை. பதின்மூன்று பேர் வெளியே ஓட வேண்டிய அறைக்கு ஆறு பேர் போகும் வாசல். இரண்டே நாளில் சுமார் 210 யூரோவிலிருந்து 1000 யூரோவைத் தாண்டியது பங்கு, மறுநாளே ஏறத்தாழப் பாதியானது.

இரண்டாம் படி: அந்த எண்ணின் தேதியைப் பாருங்கள்

நான் பார்த்தவரை புதியவர்கள் தவறாமல் விட்டுவிடும் இடம் இது. அமெரிக்காவில் ஷார்ட் இன்ட்ரஸ்ட் மாதத்துக்கு இரண்டு முறைதான் கணக்கெடுக்கப்படுகிறது, மாத நடுவில் ஒன்று, மாதக் கடைசியில் ஒன்று. அந்தக் கணக்கு வெளியே வருவதற்கு மேலும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். நீங்கள் திரையில் பார்க்கும் சதவீதம் எப்போதுமே பழையது. சாதாரண நாட்களில் அதனால் பெரிய நட்டமில்லை. ஸ்க்வீஸ் நடக்கும் வாரத்தில் அதுதான் உங்களை ஏமாற்றும்.

கேம்ஸ்டாப்பில் ஜனவரி நடுக் கணக்கின்படி சுமார் 6.2 கோடிப் பங்குகள் ஷார்ட்டில் இருந்தன. ஜனவரி 29 தேதிக் கணக்கில் அது சுமார் 2.1 கோடி. மூன்றில் இரண்டு பங்கு ஷார்ட் அந்த இரண்டு வாரத்திலேயே கரைந்துவிட்டது. ஆனால் இரண்டாவது எண் பொதுவெளிக்கு வந்தது பிப்ரவரி 9 அன்று. அப்போது பங்கின் விலை 50 டாலர். 300, 400 டாலரில் வாங்கியவர்கள் எல்லோரும் முதல் எண்ணைப் பார்த்து வாங்கியவர்கள்.

மூன்றாம் படி: சார்ட்டை நாள் வாரியாகப் படியுங்கள்

ஷார்ட் அதிகமாக இருப்பதாலேயே எதுவும் நடந்துவிடாது. 2020 கோடையில் கேம்ஸ்டாப்பில் ஷார்ட் ஏற்கனவே மிக அதிகம், விலையோ 4 டாலரைச் சுற்றியே கிடந்தது. தீப்பொறி ஒன்று வேண்டும். 2021 ஜனவரி 11 அன்று, செல்லப்பிராணிப் பொருள்கள் விற்கும் சூவி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரையன் கோஹனும் இன்னும் இருவரும் இயக்குநர் குழுவில் சேர்வதாக நிறுவனம் அறிவித்தது. 12-ஆம் தேதி முடிவு விலை 19.95. 13-ஆம் தேதி முடிவு 31.40.

அந்த 13-ஆம் தேதியின் வால்யூம் கம்பியைப் பாருங்கள். அன்று சுமார் 14.4 கோடிப் பங்குகள் கைமாறின. நிறுவனம் வெளியிட்டிருந்த மொத்தப் பங்குகளே 7 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது ஒவ்வொரு பங்கும் சராசரியாக இரண்டு முறை கைமாறிய நாள். நீண்ட நாள் படுத்துக்கிடந்த விலை, அதற்கு முன் பார்த்தேயிராத வால்யூமோடு மேலே உடைத்து, உடைத்த இடத்துக்கு மேலேயே நாளை முடிக்கிறது. ஸ்க்வீஸின் முதல் அடையாளம் இது.

இரண்டாவது அடையாளம் அடுத்த ஒரு வாரத்தில் தெரிந்தது. விலை 35-லிருந்து 43-க்குள் நின்றது, திரும்ப 20-க்கு இறங்கவில்லை. 20-க்குக் கீழே ஷார்ட் அடித்தவர்கள் எல்லோரும் இப்போது நஷ்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், வெளியே வர நல்ல விலையும் கிடைக்கவில்லை. செய்தியைக் கேட்டு ஒரு நாள் மட்டும் ஏறும் பங்கு இப்படி நிற்காது, பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் பாதி ஏற்றத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

22-ஆம் தேதி வெள்ளிக்கிழமை விலை 65-ல் முடிந்தது, வால்யூம் சுமார் 19.7 கோடி. திங்கள் 25 அன்று முந்தைய முடிவிலிருந்து தாவி 96-ல் கேப் அப் ஆகித் திறந்து, 159 வரை போய், 61 வரை இறங்கி, 76.79-ல் முடிந்தது. அந்த நாளின் விலைகளைக் காட்டும் கேண்டிலைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மேலே நீண்ட வால், திறந்த விலைக்குக் கீழே முடிவு. அன்று 150-ல் வாங்கியவருடைய பணம் மணி அடிக்கும்போது பாதியாகிவிட்டது. பாடப் புத்தகப்படி பார்த்தால் இதுவே உச்சி என்று சொல்லிவிடலாம். ஆனால் மறுநாள் விலை 147.98-ல் முடிந்தது, அதற்கு மறுநாள் 347.51. இதனால்தான் உச்சியைக் கேண்டில் பார்த்துச் சொல்லிவிடலாம் என்பவர்களை நான் நம்புவதில்லை. ஸ்க்வீஸில் உச்சி போலத் தெரியும் கேண்டில் நடுவழியிலும் வரும்.

நான்காம் படி: விலை ஏறும்போது வால்யூம் என்ன செய்கிறது?

இப்போது அதே நாட்களின் வால்யூமை மட்டும் எடுத்துக்கொள்வோம். 22-ஆம் தேதி 19.7 கோடி. 25, 26 இரண்டு நாளும் ஏறக்குறைய 17.8 கோடி. 27-ஆம் தேதி 9.3 கோடி. 483-ஐத் தொட்ட 28-ஆம் தேதி 5.9 கோடிதான். விலை 65-லிருந்து 483 வரை ஏறும்போது, கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது.

இதில் ஒரு பகுதி இயல்பானது. விலை கூடினால் அதே பணத்துக்குக் குறைவான பங்குதான் கிடைக்கும். 28-ஆம் தேதி பல புரோக்கர்கள் வாங்குவதையே தடுத்திருந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் 27-ஆம் தேதி அப்படிப் பெரிய தடை இல்லாமலேயே வால்யூம் பாதியானது. கோடிக்கணக்கான பங்குகளை வாங்கி அடைக்க வேண்டிய கட்டாயத்தில் ஷார்ட் அடித்தவர்கள் இருந்திருந்தால், அது எண்ணிக்கையில் தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்கு வேண்டியது டாலர் இல்லை, இத்தனை பங்கு என்ற கணக்கு.

மற்ற செய்திகளும் இதையே சொல்கின்றன. கேம்ஸ்டாப்பில் ஷார்ட் அடித்து மாட்டிக்கொண்டவர்களில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் மெல்வின் கேபிடல். ஜனவரியில் மட்டும் தன் மதிப்பில் 53 சதவீதத்தை இழந்த நிதி அது. அது தன் ஷார்ட்டை 26-ஆம் தேதி பிற்பகலிலேயே முடித்துக்கொண்டதாக 27 காலையில் செய்தி வந்தது. அன்று விலை 354-ல் திறந்தது. அதாவது 148-க்கும் 483-க்கும் இடைப்பட்ட ஏற்றம் முழுவதும், மிகப் பெரிதாகப் பேசப்பட்ட ஷார்ட் வெளியேறிய பிறகு நடந்தது. எஸ்.இ.சி. அலுவலர் அறிக்கையும் 2021 அக்டோபரில் இதைத்தான் சொன்னது. ஷார்ட் அடித்தவர்கள் வாங்கியது மொத்த வாங்கலில் சிறு பகுதியே, அவர்கள் வாங்கியதன் நேரடித் தாக்கம் அடங்கியிருக்க வேண்டிய காலத்துக்குப் பிறகும் விலை உயரத்திலேயே நின்றது என்கிறது அது.

அப்படியானால் 400 டாலரில் வாங்கியது யார்? உங்களைப் போலவே, ஸ்க்வீஸ் வரும் என்று நம்பி வந்த இன்னொருவர். ஷார்ட் அடித்தவருக்கு வாங்கியே ஆக வேண்டிய கட்டாயம் உண்டு, விலையைப் பார்க்க மாட்டார். இப்படி நம்பி வந்தவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை, அடுத்த நிமிடமே மனம் மாறி விற்கலாம். உச்சியில் உங்களைத் தாங்க ஷார்ட் அடித்தவர் அங்கே இல்லை என்பதுதான் அந்த வாங்கலை ஆபத்தாக்குகிறது.

ஐந்தாம் படி: வெளியேறும் வழி வேலை செய்யுமா என்று முன்கூட்டியே கணக்குப் போடுங்கள்

"ஸ்டாப் லாஸ் போட்டுக்கொண்டு வாங்கினால் என்ன?" என்று கேட்பவர்கள் அதிகம். சரி, கேம்ஸ்டாப்பிலேயே போட்டுப் பார்ப்போம்.

ஒருவர் பிப்ரவரி 1 அன்று சந்தை முடியும் நேரத்தில் 225 டாலருக்குப் பத்துப் பங்குகள் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2,250 டாலர். 200-ல் ஸ்டாப் லாஸ் வைக்கிறார். ஒரு பங்குக்கு 25 டாலர், மொத்தத்தில் 250 டாலருக்கு மேல் போகாது என்பது அவர் கணக்கு. பிப்ரவரி 2 அன்று சந்தை திறந்தது 140.76-ல். முந்தைய நாள் 225-ல் முடிந்ததற்கும் இந்தத் திறப்புக்கும் நடுவில் வழக்கமான சந்தை நேரத்தில் ஒரு வியாபாரம்கூட நடக்கவில்லை. சாதாரண ஸ்டாப் லாஸ் என்பது விலை தொட்டதும் கிடைத்த விலைக்கு விற்கும் ஆர்டர். ஆகவே அது சுமார் 140-ல் விற்றிருக்கும். நஷ்டம் 250 இல்லை, ஏறத்தாழ 840 டாலர். அதை ஸ்டாப் லிமிட்டாக, அதாவது 195-க்குக் கீழே விற்காதே என்ற வரம்போடு, போட்டிருந்தால் இன்னும் மோசம், விற்கவே விற்காது. அன்றைய முடிவு 90 டாலர். பிப்ரவரி 4 அன்று 53.50.

சந்தை நேரத்துக்குள்ளும் இதே கதைதான். அமெரிக்காவில் ஒரு பங்கின் விலை சில நிமிடங்களில் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் வியாபாரம் ஐந்து நிமிடம் நிறுத்தப்படும். ஜனவரி 28 அன்று இறக்கத்தில் அப்படிப் பல முறை நின்றது. நின்ற ஐந்து நிமிடமும் உங்கள் விற்பனை ஆர்டர் காத்துக்கிடக்கும். திரும்பத் திறக்கும்போது விலை வேறு எங்கோ இருக்கும்.

இன்னொரு கதவும் அன்று மூடியது. பங்கு வியாபாரங்களைத் தீர்த்துவைக்கும் நிறுவனம் 28-ஆம் தேதி அதிகாலையில் ராபின்ஹுட் என்ற புரோக்கரிடம் சுமார் 300 கோடி டாலர் பிணைத்தொகை கேட்டது. பிறகு அது குறைக்கப்பட்டாலும், ராபின்ஹுட் அன்று கேம்ஸ்டாப்பை விற்க மட்டும் அனுமதித்து வாங்குவதை நிறுத்தியது. வேறு சில புரோக்கர்களும் தடை போட்டார்கள். அது நியாயமா என்று நீண்ட நாள் வாதம் நடந்தது, அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணையும் நடந்தது. அந்தக் கோபத்தை நான் முழுக்கப் புரிந்துகொள்கிறேன். ஆனால் வியாபாரம் செய்பவருக்கு அதிலுள்ள விஷயம் எளிது. ஒவ்வொரு வியாபாரத்துக்கும் பணம் வந்து சேர அப்போது இரண்டு வேலை நாள் ஆகும், விலை பேயாட்டம் ஆடினால் அந்த இடைவெளிக்கான பிணை பல மடங்காகும். புதிதாக வாங்குபவர் வந்துகொண்டே இருந்தால்தான் நிற்கக்கூடிய விலை, அவர்கள் வரும் வழி அடைபட்ட அன்றே இறங்கிவிடும்.

உச்சியில் ஷார்ட் அடித்துப் பார்க்கலாமே, விலை இறங்கினால் லாபம் தரும் புட் ஆப்ஷன் வாங்கலாமே என்றும் தோன்றும். 25-ஆம் தேதிக் கேண்டிலைப் பார்த்து 100-க்கு ஷார்ட் அடித்தவருக்கு இரண்டு நாளில் விலை 347. புட் வாங்கியவருக்கு நஷ்டத்தில் எல்லை உண்டு, ஆனால் அந்த நாட்களில் ஆப்ஷனுக்குக் கொடுக்கும் விலையான பிரீமியத்தில் ஏற்கனவே பெரிய இறக்கம் ஒன்று விலையாக ஏறியிருக்கும். திசை சரியாக இருந்தும் பணம் வராமல் போகும்.

சரி, என்னதான் செய்யலாம்?

தொட ஏதாவது ஓர் இடம் இருக்கிறது என்றால் அது மூன்றாம் படியில் சொன்ன இடம்தான். முதல் உடைப்பு நடந்து, விலை அந்த உடைப்புக்கு மேலே சில நாள் நிற்கும் காலம். அங்கே வாங்கினால் உங்கள் கணக்கு தவறு என்று சொல்லும் விலை பக்கத்திலேயே இருக்கிறது. 40-ல் வாங்கினால், உடைப்பு நாளின் முடிவான 31-க்குக் கீழே போனால் வெளியே வந்துவிடலாம். அங்கேயும் தோற்கும் வாய்ப்பே அதிகம், ஏனென்றால் பெரும்பாலான அதிக ஷார்ட் பங்குகள் உடைத்துவிட்டு மறுபடி படுத்துவிடும். ஷார்ட் அடிப்பவர்கள் காரணம் இல்லாமல் அடிப்பதும் இல்லை. 2022 ஆகஸ்டில் ஷார்ட் அதிகமாக இருந்த பெட் பாத் அண்ட் பியாண்ட் பங்கு 30 டாலர் வரை பாய்ந்தது. 2023 ஏப்ரலில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது.

வாங்குவதற்கு முன் உங்களிடமே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். கையில் உள்ள ஷார்ட் கணக்கின் தேதிக்குப் பிறகு எத்தனை பங்குகள் கைமாறியிருக்கின்றன? அது ஷார்ட்டில் இருந்த பங்குகளைப் போலப் பல மடங்கு என்றால், அவர்கள் வெளியேற வேண்டிய அளவு வாய்ப்பு ஏற்கனவே கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 15-க்கும் 27-க்கும் இடையில் கேம்ஸ்டாப்பில் 22, 25, 26 ஆகிய மூன்று நாட்களிலேயே 55 கோடிக்கும் மேல் கைமாறின, ஷார்ட்டில் இருந்த 6.2 கோடியைப் போல எட்டு மடங்குக்கும் மேல். அடுத்த கேள்வி, இன்று இரவு விலை பாதியாகத் திறந்தால் தாங்க முடியுமா? முடியாது என்றால் பங்குகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஸ்டாப் லாஸை நம்பி எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம். மார்ஜினில் கடன் வாங்கி இதைத் தொடவே வேண்டாம், ஷார்ட் அடித்தவரை மாட்டவைத்த அதே மார்ஜின் கால் உங்களுக்கும் வரும்.

ஏற்கனவே கையில் வைத்திருந்து விலை பாய்ந்துவிட்டது என்றால், ஏறும்போதே பகுதி பகுதியாக லிமிட் ஆர்டரில் விற்றுவிடுங்கள். வாங்குபவர்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில்தான் நீங்கள் கேட்கும் விலை கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. இந்தியச் சந்தையில் இதே முறையை அப்படியே போட்டுப் பார்க்காதீர்கள். இங்கே ரொக்கப் பிரிவில் சாதாரண முதலீட்டாளர் ஷார்ட் அடித்தால் அன்றே முடித்தாக வேண்டும். நாள் தாண்டி ஷார்ட் வைத்திருப்பது பெரும்பாலும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில்தான் நடக்கிறது. அங்கே வரும் ஓப்பன் இன்ட்ரஸ்ட் என்ற எண்ணில் ஒவ்வொரு ஷார்ட்டுக்கும் எதிரே ஒரு லாங், அதாவது வாங்கியவர், இருக்கும், அதை வைத்து ஃபுளோட்டில் எத்தனை சதவீதம் ஷார்ட் என்று சொல்ல முடியாது. ஃபியூச்சர்ஸ் இல்லாத பங்கு தினமும் அப்பர் சர்க்யூட்டில் போய் நின்றால் அதை ஷார்ட் ஸ்க்வீஸ் என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம். நாள் தாண்டி மாட்டிக்கொள்ளும் ஷார்ட் அங்கே கிட்டத்தட்ட இருக்காது. அந்த ஏற்றத்துக்கு வேறு காரணத்தைத்தான் தேட வேண்டும்.